பத்திரம், சிட்டாவிலிருந்து தகவல் எடுக்கும் ஸ்கீமா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஒரு நிலத்தின் காகிதங்களைக் கேட்டால் தாத்தா காலத்து கிரையப் பத்திரம், அப்பா காலத்து பாகப்பிரிவினை, வில்லங்கச் சான்று, இணையத்தில் எடுத்த சிட்டா எல்லாம் ஒரே கட்டாக வரும். இவற்றிலிருந்து சர்வே எண், விஸ்தீரணம், மாவட்டம், தேதி ஆகியவற்றை எடுத்து அட்டவணை போட வேண்டும். எடுப்பவர் டைப்பிஸ்டாக இருந்தாலும் மென்பொருளாக இருந்தாலும், எந்த விவரத்தை எந்த வடிவில் எடுக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமாவை "விஸ்தீரணம்: எண்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு விதமாகத்தான் வரும்.

அதிகம் சறுக்குவது விஸ்தீரணத்தில். சிட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இரண்டு பகுதியாக அச்சாகும். "0 - 40.50" என்றால் பூஜ்யம் ஹெக்டேர், நாற்பதரை ஏர். இதை அப்படியே சேர்த்து 0.4050 ஹெக்டேர் என்று எடுத்தால் சரியாகவே வரும், ஏனென்றால் 100 ஏர் ஒரு ஹெக்டேர். "0 - 6.50" வரும்போதுதான் சிக்கல். அதே பழக்கத்தில் சேர்த்தால் 0.650 ஹெக்டேர் ஆகிவிடும். உண்மையில் அது 0.0650. சுமார் 16 சென்ட் இடம் ஒன்றரை ஏக்கருக்கு மேல் வீங்கிவிடும். சோதனைக்கு எடுத்த சிட்டாக்களில் ஏர் எல்லாமே இரண்டு இலக்கமாக இருந்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. வீட்டுமனை, கிணற்றுப் பங்கு மாதிரி சின்ன துண்டுகள் வரும்போதுதான் வெளியே தெரியும்.

பத்திரத்தில் இது வேறு உருவில் வரும். "0.65 சென்ட்" என்று எழுதியிருப்பார்கள், எழுத்தர் சொல்ல வந்தது 65 சென்ட், அதாவது 0.65 ஏக்கர். எழுத்துக்கு எழுத்து நம்பினால் 283 சதுர அடிதான் மிஞ்சும். "1 ஏக்கர் 5 சென்ட்" என்பதை 1.5 என்று பதிவதும் இதே ரகம்.

தசம எண் ஒன்றைக் கேட்பதுதான் இங்கே தவறு. காகிதத்தில் உள்ள வாசகத்தை மாற்றாமல் ஒரு ஃபீல்டில் வாங்குங்கள். ஏக்கர், சென்ட், ஹெக்டேர், ஏர் நான்கையும் தனித்தனியாக வாங்குங்கள்.

```json
"extent_conveyed": {
  "raw": "0.65 சென்ட்",
  "acre": 0, "cent": 65,
  "hectare": null, "are": null
}
```

விளக்க வரியும் இதே அளவுக்குக் கறாராக இருக்க வேண்டும்: "இந்தப் பத்திரத்தால் கைமாறும் பரப்பு மட்டும். 'மொத்தம் 2.10 ஏக்கரில் வடபுறம் 0.65 சென்ட்' என்றால் 65 சென்ட், 2.10 வேறு ஃபீல்டு. காகிதத்தில் இல்லாத அலகை நிரப்பாதே, மாற்றிக் கணக்கிடாதே." அலகு மாற்றுவது பிறகு ஃபார்முலா செய்ய வேண்டிய வேலை. ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், ஒரு ஏர் 100 சதுர மீட்டர். 65 சென்ட் 26.30 ஏர் ஆகிறது. அதே துண்டுக்கு சிட்டாவில் 26.50 இருந்தால் விடலாம், 2.65 என்று வந்திருந்தால் எடுத்தது தவறு. எடுப்பவரே மாற்றித் தந்துவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கே வழியில்லாமல் போகும்.

மாவட்டம் என்ற ஃபீல்டு பார்க்க எளிது. ஆனால் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது 1965 அக்டோபர் 2. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9. ஆக, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றின் 1962 பத்திரத்தில் சேலம், 1988-இல் தருமபுரி, 2010-இல் கிருஷ்ணகிரி என்று இருக்கும். மூன்றும் சரி. ஸ்கீமாவில் வெறுமனே "மாவட்டம்" என்று போட்டால் ஒருவர் காகிதத்தில் உள்ளதை எழுதுவார், இன்னொருவர் விவரம் தெரிந்தவராக இன்றைய மாவட்டத்தை எழுதுவார். ஒரே நிலம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். அனுமதிக்கும் பட்டியலில் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1962 பத்திரத்துக்குப் பொய்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஃபீல்டின் பெயரே `district_as_written` என்று இருக்கட்டும். அனுமதிக்கும் மதிப்புகள் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி. காகிதத்தில் "தர்மபுரி" என்றிருந்தாலும் "தருமபுரி" என்றே பதிய வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். இன்றைய மாவட்டத்தைக் கிராமப் பட்டியலோடு பொருத்தித் தனியாகப் பெறுவதுதான் முறை. அதை எடுப்பவரிடம் கேட்கக் கூடாது.

சர்வே எண்ணை எண் என்று வகைப்படுத்துவது இன்னொரு வழக்கமான தவறு. 112/3A எண் இல்லை, எழுத்துச் சரம். எக்செல் தாளில் 11/2 என்று அடித்தால் அது தேதியாகவே மாறிவிடும். அந்த நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்க வேண்டும். பத்திரத்தில் "112/3ஏ" என்றும், சிட்டாவில் புல எண் ஒரு கட்டத்திலும் உட்பிரிவு அடுத்த கட்டத்திலும் இருக்கும். எல்லாம் ஒரே வடிவத்துக்கு வர இப்படி ஒரு கட்டுப்பாடு போதும்:

```
^\d+(/\d+([A-Z]\d*)*)?$
```

112, 112/3, 112/3A1B மூன்றும் இதில் தேறும். "112/3ஏ" தேறாது, திரும்பி வரும். பழைய எண், புதிய எண் இரண்டும் தந்திருந்தால் இரண்டு ஃபீல்டு. பல எண்கள் இருந்தால் பட்டியலாக வாங்குங்கள், காற்புள்ளி போட்டு ஒரே சரமாக வேண்டாம்.

தேதி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, `YYYY-MM-DD` என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். எந்தத் தேதி என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 1908 பதிவுச் சட்டப்படி எழுதிய பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய நான்கு மாதம் அவகாசம் உண்டு. ஆகவே டிசம்பரில் எழுதியது அடுத்த ஆண்டில் பதிவாகலாம். ஆவண எண்ணோடு வரும் ஆண்டு அந்தப் பதிவைத்தான் ஒட்டி நிற்கும். `execution_date`, `registration_date` என இரண்டாகக் கேளுங்கள்.

எல்லா ஃபீல்டையும் கட்டாயம் என்று போட்டு, காலியாக விட வழி தராமல் இருந்தால் இல்லாத விவரமும் எங்கிருந்தோ முளைக்கும். ஃபீல்டு கட்டாயம் இருக்கட்டும், மதிப்பு `null` ஆகலாம் என்று விடுங்கள். கூடவே காரணம் ஒன்று: `absent` அல்லது `illegible`. கரையான் அரித்த பக்கமும், அந்த விவரமே எழுதப்படாத பக்கமும் ஒன்றல்ல. முன்னதற்குப் பதிவு அலுவலகத்தில் நகல் கேட்டு மனு போடலாம்.

உதாரணங்களில் இரண்டு கோளாறு. தேதி வடிவம் மேலே ஒன்றும், உதாரணத்தில் 12/03/1998 என்று வேறொன்றும் இருந்தால் எடுப்பவர் உதாரணத்தைத்தான் பின்பற்றுவார். சுத்தமான பத்திரங்களை மட்டும் காட்டினால் சிக்கலான பத்திரத்தில் பயன் இருக்காது. "0 - 6.50", "0.65 சென்ட்", பரப்பு படிக்க முடியாமல் `null` ஆனது, இந்த மூன்றும் பத்து எளிய உதாரணங்களை விட மேல். உதாரணத்துக்கு 9999/9Z மாதிரி உங்கள் கட்டில் வரவே வராத சர்வே எண்ணைப் போடுங்கள். அது வெளியீட்டில் தலைகாட்டினால், காகிதத்தைப் படிக்காமல் உதாரணத்தைக் காப்பி அடித்திருக்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

ஸ்கீமா தயாரானதும் இருபது காகிதங்களை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். எந்த ஃபீல்டில் இருவரும் வேறுபடுகிறார்களோ, அதன் விளக்க வரியைத்தான் திருத்த வேண்டும். திருத்தினால் `schema_version` எண்ணை ஏற்றி, பழைய பதிப்பில் எடுத்த காகிதங்களில் அந்த ஃபீல்டை மட்டுமாவது மறுபடி எடுங்கள்.