வளருதியோ என்றால் வளர்கிறாயா என்று கேட்பதல்ல: மார்கழிப் பாடல்களில் நாம் தவறாகப் புரிந்துகொள்ளும் சொற்கள்

சிங்கப்பூரில் சூரியன் உதிக்க ஏறக்குறைய ஏழு மணி ஆகிவிடும். மார்கழியில் ஐந்தரை மணிக்கு எழுந்து விளக்கேற்றினால், வீவக வீட்டு ஜன்னலுக்கு வெளியே நடைபாதை விளக்குகளைத் தவிர வேறு வெளிச்சம் இருக்காது. குளிரும் கிடையாது, மழை ஈரம் மட்டும்தான். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் திருப்பாவை பாடுகிறோம், நாளுக்கு ஒரு பாசுரம். டிசம்பரில் பள்ளி விடுமுறை என்பதால் என் மகளும் எழுந்து வருவாள்.

இரண்டாம் நாள் பாடி முடித்ததும் அவள் கேட்டாள்: "அம்மா, ஆண்டாளுக்குத் திருக்குறள் பிடிக்காதா? தீக்குறளை ஓதமாட்டோம்னு பாடுறாங்களே!"

பள்ளியில் தமிழ்ப்பாடத்தில் குறளை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். பெரியவர்களும் இதே இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். மார்கழிப் பாடல்களில் நாம் செய்கிற தவறு பெரும்பாலும் இந்த வகைதான். தெரியாத சொல் வந்தால் அகராதியைப் பார்ப்போம், யாரிடமாவது கேட்போம். தெரிந்த சொல்லைப்போல் இருப்பதை மட்டும் நிற்காமல் கடந்துவிடுகிறோம்.

'தீக்குறளைச் சென்றோதோம்' என்பதில் இருப்பது குறள் என்ற சொல்லே அல்ல. குறளை என்பது தனிச்சொல். கோள் சொல்வது, ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் போய்ப் பற்றவைப்பது என்று அதற்குப் பொருள். கடைசியில் உள்ள 'ஐ'யை வேற்றுமை உருபு என்று நினைப்பதால்தான் குழப்பம். எது சரி என்று அந்தப் பாசுரத்தை வைத்தே சொல்லிவிடலாம். நெய் உண்ணமாட்டோம், பால் உண்ணமாட்டோம், கண்ணுக்கு மை இடமாட்டோம், பூச்சூடமாட்டோம், செய்யக்கூடாததைச் செய்யமாட்டோம் என்று நோன்பின் விலக்குகள் வரிசையாக வருகின்றன. அந்த வரிசையில் 'கோள் சொல்லமாட்டோம்' பொருந்துகிறது, 'நூல் படிக்கமாட்டோம்' பொருந்தவில்லை. வள்ளுவரும் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். இதைச் சொன்னதும் மகளின் முகம் தெளிந்தது.

அடுத்த அடியிலும் இப்படி ஒரு சொல் உண்டு. 'ஐயமும் பிச்சையும் ஆந்தனையும் கைகாட்டி' என்பதில் ஐயம் சந்தேகம் அல்ல, கொடை. 'ஐயமிட்டு உண்' என்கிற ஆத்திசூடியின் ஐயம்தான் இது. ஆந்தனையும் என்றால் முடிந்த அளவு. நெய்யையும் பாலையும் விட்டவர்கள் தங்களால் முடிந்ததைக் கொடுக்கிறார்கள். இதைச் சந்தேகம் என்று நினைத்துப் பாடினால் நோன்பின் பாதி காணாமல் போய்விடும்.

நான்காம் பாசுரத்தில் தவறு வேறு மாதிரி. 'ஆழிமழைக் கண்ணா' என்று தொடங்குவதால் கிருஷ்ணனைக் கூப்பிடுகிறார்கள் என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். பாட்டை மெதுவாகப் படித்தால் அது ஒத்துவராது. கூப்பிடப்படுபவர் கடலுக்குள் புகுந்து, நீரை முகந்துகொண்டு மேலே ஏறி, 'ஊழி முதல்வன் உருவம்போல் மெய்கறுத்து', பத்மநாபன் கையிலுள்ள சக்கரம்போல் மின்ன வேண்டுமாம். திருமாலைப்போல் கறுத்துவா என்று திருமாலிடமே சொல்வார்களா? அழைக்கப்படுவது மழைத் தெய்வம். 'மழைக்கு அண்ணா' என்று பிரித்து, மழைக்குத் தலைவனே என்று பொருள் கொள்வதும் உண்டு. கடல், சக்கரம் இரண்டுக்கும் ஆழி என்ற ஒரே சொல் அந்தப் பாட்டுக்குள்ளேயே வருகிறது. வடகிழக்குப் பருவமழை நம் ஜன்னலில் அடித்துக்கொண்டிருக்கும்போது இதைப் பாடுவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

திருவெம்பாவைக்கு வருவோம். மாணிக்கவாசகர் பாடிய இருபது பாடல்கள். இதுவும் 'ஏலோர் எம்பாவாய்' என்றே முடிவதால் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். திருப்பாவை முப்பதும் ஆண்டாள் திருமாலைப் பாடியது, திருவெம்பாவை சிவனுக்கு. அதன் முதல் பாட்டில் தோழிகள் வாசலில் நின்று 'மாதே வளருதியோ' என்று கேட்கிறார்கள். வளர்தல் இங்கே தூங்குதல். தாலாட்டில் 'கண்வளராய்' என்று பாடுகிறோமே, அதே வளர்தல்தான். "நாங்கள் சோதியைப் பாடுவது கேட்டும் இன்னும் தூங்குகிறாயா, உன் காது என்ன வலிய காதா?" என்று செல்லமாகக் கடிந்துகொள்கிறார்கள். திருப்பாவையின் முதல் பாசுரத்தில் வரும் 'போதுமினோ'வும் இப்படித்தான். 'போதும்' என்று யாரையும் நிறுத்தவில்லை. வாருங்கள் என்று அழைக்கிறார்கள்.

திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில் 'வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று' என்று வரும். ஒருமுறை ஒரு பஜனையில், வியாழக்கிழமை போய் வெள்ளிக்கிழமை பிறந்துவிட்டது என்று இதற்கு விளக்கம் சொன்னார்கள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் சரியில்லை. இவை கோள்கள். கிழக்கில் விடிவெள்ளி எழும் நேரத்தில் மேற்கில் வியாழன் மறைகிறது, அதனால் பொழுது விடியப்போகிறது, எழுந்திரு என்கிறார்கள். அடுத்து வருவதே 'புள்ளும் சிலம்பினகாண்'. பறவைகள் ஒலியெழுப்பின என்று பொருள், கால் சிலம்பு இல்லை. வானத்தைக் காட்டிவிட்டுப் பறவைகளைக் காட்டுகிறார்கள். தமிழறிஞர் மு. இராகவையங்கார் இந்த வரியை வைத்து ஆண்டாளின் காலத்தை எட்டாம் நூற்றாண்டு என்று கணித்தார். ஆனால் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப நிகழக்கூடியது, அதனால் இந்த ஒரு வரியை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்ல முடியாது.

முப்பதாம் பாசுரத்தின் 'வங்கக் கடல்' வங்காள விரிகுடா அல்ல. வங்கம் என்றால் கப்பல். கப்பல்கள் உள்ள கடலைக் கடைந்த மாதவன் என்கிறார் ஆண்டாள். துறைமுகத்து ஊரில் இருக்கிற நமக்கு இந்தச் சொல் எளிதில் மனத்தில் நிற்கும். மார்கழி பெரும்பாலும் 29 நாள்தான். அதனால் பல வீடுகளில் கடைசி நாள் இரண்டு பாசுரம் பாடுவார்கள், நாங்களும் அப்படித்தான்.

அதற்கு முன்னால் இருபத்தேழாம் நாள் வருகிறது. 'கூடாரை வெல்லும் சீர்' என்பதில் கூடாரம் எதுவும் கிடையாது. கூடார் என்றால் சேராதவர், பகைவர். அந்தப் பாட்டில்தான் நோன்பு நிறைவுக்கு வருகிறது. இரண்டாம் பாசுரத்தில் வேண்டாம் என்று வைத்த நெய்யும் பாலும் இங்கே திரும்பி வருகின்றன. பால்சோற்றை மூடும்படி நெய் ஊற்றி, அது முழங்கை வழியாக வழிய, எல்லோரும் கூடியிருந்து உண்கிறார்கள். 'நெய்யுண்ணோம்' எதற்காகச் சொன்னார்கள் என்று தெரிந்தவர்களுக்கே இந்த நெய்யின் அருமை புரியும்.

இந்த வருடம் அந்த நாளில் நான் அக்காரவடிசல் செய்தேன். பாலில் அரிசி குழைந்து, வெல்லப்பாகு சேர்ந்து, நெய் மேலே மிதக்க ஆரம்பித்த நேரத்தில் மகள் பள்ளிச் சீருடையோடு அடுப்படிக்கு வந்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "முழங்கை வரைக்கும் வழியலையே அம்மா" என்றாள். இன்னொரு கரண்டி நெய் விட்டேன்.