ஒரு நாள் தாங்கும் நொடி: பிள்ளைகளுக்கு விடுகதைத் தொடர் போடுவது எப்படி?

எங்கள் வீட்டில் மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருவருக்கும் ஒரு நொடி போடுவேன். விடுகதையை மட்டக்களப்பில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நொடி என்றுதான் சொல்வார்கள். விடை அன்றைக்குக் கிடையாது, மறுநாள் இரவுதான்.

முன்பு கேட்ட கையோடு விடையையும் சொல்லிவிடுவேன். அப்போது இருவரும் அரை நிமிடம் முகட்டைப் பார்ப்பார்கள், பிறகு "சொல்லுங்க அம்மா" என்பார்கள். விடையை ஒரு நாள் தள்ளி வைத்த பிறகு, பாடசாலைக்குப் போகும் வழியிலும் சந்தையிலும் அதைத் தேடத் தொடங்கினார்கள். ஆனால் எல்லா நொடியும் ஒரு நாள் தாங்காது. சில உடனே உடைந்துவிடும். சில மறுநாள் விடை சொன்ன பிறகும் "அது எப்படி?" என்று சண்டையில் முடியும். ஒரு நாள் தாங்கக்கூடிய நொடியை எப்படிச் செய்வது, எப்படிப் போடுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். படியின் முடிவில் ஒரு நொடி போட்டால், அதன் விடை அடுத்த படியின் தொடக்கத்தில் இருக்கும்.

படி 1: எந்த வகை நொடி என்று முடிவு செய்யுங்கள்

தொல்காப்பியத்தின் செய்யுளியலில் விடுகதைக்குப் பிசி என்று பெயர். அதை இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று, வேறொன்றுக்கு ஒப்பிட்டு மறைத்துச் சொல்வது. மற்றது, கண்ணுக்குத் தோன்றுவதையே சொல்லிக் கேட்பவரைத் துணிய வைப்பது. வீட்டில் நொடி போடுகிறவருக்கு இந்தப் பிரிவு நன்றாக உதவும்.

"அம்மா படுத்திருக்க மகள் ஓடித் திரிவாள்" என்பது முதல் வகை. விடை அம்மியும் குழவியும். இதை மகனுக்கு 4 வயதில் போட்டேன். "நீங்கதானே அம்மா, நேற்றுக் காய்ச்சல்ல படுத்திருந்தீங்க" என்றான். அந்த வயதுப் பிள்ளைக்கு அம்மா என்றால் அம்மாதான். எங்கள் மகனைப் போன்ற சிறியவர்களுக்கு இரண்டாம் வகையில் தொடங்குங்கள்: "நடக்க எட்டுக் கால், பிடிக்க இரண்டு கை, நேரே போகத் தெரியாது." வாவி நண்டைக் கூடையில் பார்த்த பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிடும். ஏழெட்டு வயதானால் ஒப்புமை பிடிபடத் தொடங்கும்.

இனி உங்களுக்கு ஒன்று:

கறுப்பு அம்மாவின் வெள்ளைப் பால்,
மண் வீட்டுக்குள் ஓர் இரவு தூங்கியது;
விடிந்த பிறகு வீட்டைக் கவிழ்த்தாலும் விழவில்லை.

படி 2: பிள்ளை தொட்ட பொருளாக எடுங்கள்

எருமைத் தயிர். சட்டியில் உறைந்த கெட்டித் தயிரை வீட்டில் பார்க்காத பிள்ளைக்கு இந்த நொடி வெறும் சொல்லாகத்தான் இருக்கும். அதனால் பொருளை முதலில் தேர்ந்தெடுங்கள், சொல் பிறகு வரட்டும். கடந்த ஒரு வாரத்தில் பிள்ளை கையால் தொட்டது, வாயில் வைத்தது, பயந்து ஓடியது எது என்று யோசியுங்கள். அம்மியும் குழவியும் எவ்வளவு நல்ல நொடியாக இருந்தாலும், மிக்சியில் அரைக்கும் வீட்டுப் பிள்ளை மறுநாள் முழுக்கத் தேடினாலும் விடையைக் காணாது. கேட்கத்தான் வேண்டுமென்றால் அம்மி உள்ள அம்மம்மா வீட்டுக்குப் போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். விடையைக் காட்டி நிரூபிக்க முடிய வேண்டும். எங்கள் வாவியில் கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் கேட்கும் மீன்பாட்டை வைத்து ஒரு நொடி போட்டேன். அழகாகத்தான் வந்தது. மறுநாள் மகள், "பாடுறது மீனா, சிப்பியா?" என்று கேட்டாள். பெரியவர்களே இரண்டு விதமாகச் சொல்லும் விடயத்தை நான் எப்படி விடையாக வைப்பது? அந்த நொடியை எடுத்துவிட்டேன்.

படி 3: பொருளைப் பார்த்து எழுதி, பிறகு வெட்டுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. நான் மரமுந்திரிகைக்கு நொடி செய்த கதையை முழுதாகச் சொல்கிறேன்.

பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். சிவப்பு அல்லது மஞ்சள் நிறம். சாறு துணியில் பட்டால் கறை போகாது. தின்றால் தொண்டை கரகரக்கும். கொட்டை பழத்துக்கு வெளியே, அடியில் தொங்கும். கொட்டை முதலில் உருவாகும், அதன் காம்பு பிறகு ஊதிப் பழமாகும். பச்சைக் கொட்டையின் தோட்டுப் பால் பட்டால் தோல் வெந்துவிடும்.

பிறகு வெட்டினேன். நிறம் எத்தனையோ பழங்களுக்குப் பொருந்தும், அதனால் அது போயிற்று. கறையும் அப்படித்தான், வாழைக்காய்ப் பாலும் கறைதான். வேறு எதற்கும் இல்லாத குணம் எது என்று பார்த்தால் கொட்டை வெளியே தொங்குவதுதான். உடனே ஒப்புமையும் கிடைத்தது:

எல்லா அம்மாவும் பிள்ளையை வயிற்றுக்குள் சுமப்பாள்,
இந்த அம்மா வயிற்றுக்குக் கீழே தொங்க விடுவாள்.

நல்ல நொடி என்று நினைத்து அன்றிரவே போட்டேன். காலையில் மகன் எழும்பி வந்து "குரங்கு" என்றான். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைப் பிடித்துத் தொங்குவதை அவன் பார்த்திருக்கிறான். அவன் சொன்னது சரி. பிழை என் நொடியில்தான், ஏனென்றால் இரண்டு வரிக்கும் குரங்கு முழுதாகப் பொருந்துகிறது. தொடர் போடும்போது இந்தப் பிழைதான் அதிகம் வரும். நமக்கு விடை முன்பே தெரிவதால் வேறு விடை கண்ணில் படாது. அதனால் எழுதியதும், "இதுக்கு வேற என்ன பொருந்தும்?" என்று வீட்டில் உள்ள இன்னொரு பெரியவரிடம் கேட்டுவிடுங்கள். விடையைச் சொல்லாமல் கேளுங்கள்.

மறுபடி தாளைப் பார்த்தேன். கொட்டை முதலில், பழம் பிறகு. பிள்ளை பிறந்த பிறகு தாய் வளரும் உயிர் எங்கே இருக்கிறது? இதற்குக் குரங்கு பொருந்தாது. திருத்திய நொடி இப்படி வந்தது:

பிள்ளை முந்திப் பிறக்கும்,
தாய் பிந்திப் பழுக்கும்;
பிள்ளையைக் கடித்தால் வாய் வேகும்,
தாயைக் கடித்தால் சாறு வடியும்.

முந்தி, பிந்தி என்ற எதுகை பிள்ளையின் வாயில் நிற்கும். நிற்காத நொடியை அது மறுநாள் வரைக்கும் கொண்டுபோகாது. அதோடு "முந்தி" என்ற சொல்லுக்குள் விடையின் பெயரும் ஒளிந்திருக்கிறது. உங்கள் வீட்டில் கஜு என்றே சொல்லிப் பழக்கமென்றால் இந்த ஒளிப்பு வேலை செய்யாது, ஆனாலும் நொடி நிற்கும்.

அடுத்தது எங்கும் சொல்லப்படும் பழைய நொடி:

ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய அழகான மண்டபம்,
ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்.

படி 4: இடையில் உள்ள நாளை நடத்துங்கள்

தேன்கூடு. தச்சர், மண்டபம் இரண்டும் ஒப்புமைதான். ஆனால் "ஆயிரம்" என்ற எண் தேனீக்கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

நொடியை இரவில் இரண்டு தடவை மெதுவாகச் சொல்லுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். காலையில் துப்புக் கொடுக்க வேண்டாம். பாடசாலை விட்டு வந்த பிறகு ஒன்று, மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் ஒன்று, அவ்வளவுதான். முதல் துப்பு எங்கே தேடலாம் என்று சொல்வதாக இருக்கட்டும். மரமுந்திரிகைக்கு "மரத்துல பாருங்க" என்றேன். இரண்டாவது ஏதாவது ஒரு வரியை விளக்கட்டும்: "வாய் வேகிறது நெருப்பால இல்ல, பாலால." விடையின் முதல் எழுத்தைத் துப்பாகக் கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகு பிள்ளை பொருளை விட்டுவிட்டு எழுத்தைத் தேடும்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். மூத்தது கண்டுபிடித்த உடனேயே கத்திவிடும், இளையதுக்கு அன்றைய நாள் முடிந்துவிடும். நாங்கள் ஒரு வெறும் பால்மா டின்னின் மூடியில் துளை போட்டு அலுமாரி மேல் வைத்திருக்கிறோம். விடை தெரிந்தவர் துண்டுத் தாளில் எழுதி மடித்து உள்ளே போட வேண்டும். எழுதத் தெரியாத மகன் படம் கீறிப் போடுவான். எத்தனை விடையும் போடலாம், ஆனால் வாயால் சொல்லக் கூடாது.

கடலோரத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று:

தண்ணீரில் பிறந்தான், வெயிலில் வளர்ந்தான்,
தாய்வீட்டுக்குத் திரும்பினால் கரைந்தே போவான்.

படி 5: விடை இரவு

உப்பு. இதை வாயால் சொல்லாமல், ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கிக் காட்டினேன். முடிந்தவரை விடையைப் பொருளாகவே கொண்டுவந்து வையுங்கள். மரமுந்திரிகைக்கு மட்டும் கவனம்: பழத்தைக் கையில் கொடுக்கலாம், பச்சைக் கொட்டையைக் கழற்றி எடுத்துவிட்டுக் கொடுங்கள். கடித்துப் பார்த்துத்தான் நம்புவேன் என்ற பிள்ளை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

பொருளை வைப்பதற்கு முன்னால் டின்னைத் திறந்து ஒவ்வொரு தாளையும் வாசியுங்கள். எழுதியவர் தன் விடையை வரிவரியாக ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். மரமுந்திரிகை நொடிக்கு மகன் தென்னை கீறியிருந்தான். "பிள்ளை முந்திப் பிறக்கும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "குரும்பை முந்தி வரும், மறுகா தேங்காய்" என்றான். "பிள்ளையைக் கடித்தால் வாய் வேகும்?" என்றதும் அவனே சிரித்துவிட்டான். பிழை என்று நான் சொல்லத் தேவையில்லாமல், எந்த வரியில் தன் விடை நின்றுவிட்டது என்று அவனுக்கே தெரிந்தது. ஒரு பிள்ளையின் விடை எல்லா வரிக்கும் பொருந்தினால் அதையும் சரி என்று ஏற்றுக்கொள்ளுங்கள், நொடியை அடுத்த முறைக்குத் திருத்துங்கள்.

விடை சொன்ன கையோடு அடுத்த நொடியைப் போடுங்கள். முடிந்தால் விடையிலிருந்தே கிளப்புங்கள்: தயிருக்கு அடுத்த நாள் எருமை, எருமைக்கு அடுத்த நாள் அதன் முதுகில் வந்திருக்கும் கொக்கு. இரண்டு கடினமான நொடிகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். இரண்டு இரவு டின் வெறுமையாக இருந்தால் சிறியவன் மூன்றாம் நாள் எழுந்து போய்விடுகிறான்.

போன கிழமை டின்னைத் திறந்தபோது விடைக்குப் பதிலாக மகளின் எழுத்தில் ஒரு நொடி கிடந்தது:

பகலில் ஊட்டுவார்கள், விழுங்க மாட்டேன்;
இரவில் வாயைத் திறந்தால்
எல்லாரும் சொன்னதைச் சொல்லிவிடுவேன்.

மறுநாள் மாலைத் துப்பாக, "அலுமாரி மேல பாருங்க அம்மா" என்றாள்.