துண்டுப்பிரசுரத்தை அக்காவிடம் வாசிக்கக் கொடுங்கள்

ஒரு பிரசுரம் வாசிக்க இலகுவா என்று சொல், வசன நீளத்தை வைத்து அளக்கும் ஆங்கிலத்துக்கான வாசிப்புத்தர சூத்திரங்கள் தமிழுக்குச் சரிவராது. எங்கள் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளும். அதனால் முதியோர் வகுப்பில் இப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகும் ஒரு அக்காவிடம் கொடுத்துப் பார்ப்பேன்.

ஒட்டுசுட்டான் பக்கம் விதைப்புக்கு முன் கொடுக்க இருந்த எலிக்காய்ச்சல் பிரசுரத்தில் இப்படி ஒரு வசனம்:

"வயலில் இறங்குவதற்கு முன்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசைகளைப் பெற்று உட்கொண்டிருப்பினும் காய்ச்சல் ஏற்படுமிடத்துத் தாமதியாது வைத்தியசாலையை நாடி வயல்வேலையில் ஈடுபட்டமையைத் தெரிவித்தல் வேண்டும்."

சொற்கள் 19தான். ஆனால் 'உட்கொண்டிருப்பினும்' மட்டுமே 10 எழுத்து. அக்கா அதில் தடக்கி நின்றா. "விளங்கினதா?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்லுவார்கள். "காய்ச்சல் வந்தால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். "குளிசை குடிச்சா வராதெல்லோ" என்றா. வசனம் சொல்ல வந்ததற்கு நேர்மாறு!

பெற்று, நாடி போன்ற எச்சங்கள் வரும் இடங்களில்தான் வெட்ட வேண்டும். ஒரு வசனத்துக்கு ஒரு வேலை:

"வயலில் இறங்க முன் பிஎச்ஐயிடம் தடுப்புக் குளிசை வாங்குங்கள். அவர் சொன்னபடி குடியுங்கள். குளிசை குடித்தாலும் காய்ச்சல் வரலாம். காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயலில் வேலை செய்ததை டொக்டரிடம் சொல்லுங்கள்."

மொத்தச் சொற்கள் கூடிவிட்டன, பரவாயில்லை. வெட்டும்போது 'குளிசை', 'காய்ச்சல்' என்பவற்றை 'அது', 'இது' என்று மாற்றாதீர்கள். மெதுவாக வாசிப்பவருக்கு 'அது' எது என்று தேட முந்தின வசனம் நினைவில் நிற்காது.

அப்புறம், திருத்தியதை வேறொருவரிடம் கொடுங்கள். அக்காவுக்கு இப்போது விடை தெரியும்.