வணிக நாளா, வேலை நாளா? ஒப்பந்தத்தில் நாட்கணக்கு பிசகும் இடங்கள்

இலங்கையில் விடுமுறை மூன்று வகை: பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை. தைப்பொங்கல் மூன்றிலும் வரும். தீபாவளி முதல் இரண்டில் மட்டும்தான். அன்று கச்சேரியும் வங்கியும் பூட்டியிருக்கும், தனியார் கம்பெனி சட்டப்படி வேலை செய்யலாம். சனிக்கிழமையும் இப்படித்தான், பல கடைகளுக்கு அரைநாள் வேலை, அரச அலுவலகத்துக்கு லீவு. ஆகவே “வேலை நாள்” என்று மட்டும் எழுதினால் யாருடைய வேலை நாள் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

திருகோணமலையில் ஒருவர் தன் களஞ்சியத்தைக் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் “வணிக நாள்” என்பதற்கு வரைவிலக்கணம் இருக்கிறது: சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை தவிர்ந்த நாள். வாடகைப் பிரிவும் அதே சொல்லைத்தான் பாவிக்கிறது. ஆனால் முடிவுறுத்தும் பிரிவு வேறொரு பழைய ஒப்பந்தத்திலிருந்து எடுத்து ஒட்டியது: “அறிவித்தல் கிடைத்து 5 வேலை நாட்களுக்குள் நிலுவையைக் கட்டாவிட்டால் குத்தகை முடியும்.” வேலை நாள் என்றால் என்ன என்று எங்கும் எழுதப்படவில்லை.

அறிவித்தல் 2025 ஒக்டோபர் 16, வியாழக்கிழமை கிடைக்கிறது. கிடைத்த நாளை விட்டுவிட்டு எண்ணுவோம். வேலை நாளும் வணிக நாளும் ஒன்றே என்றால் 17 முதலாம் நாள். 18, 19 சனி ஞாயிறு, 20 தீபாவளி. பிறகு 21, 22, 23, 24. கெடு 24 வெள்ளிக்கிழமை முடியும். களஞ்சியக்காரரோ, “சனிக்கிழமையும் கம்பெனி வேலை செய்தது, தீபாவளி வர்த்தக விடுமுறை இல்லை” என்கிறார். அவர் கணக்கில் 17, 18, 20, 21, 22. கெடு புதன்கிழமையே முடிந்துவிடுகிறது. கம்பெனி 23ஆம் திகதி பணம் கட்டினால், ஒரு கணக்கில் குத்தகை இருக்கிறது, மற்றதில் இல்லை.

வேலை நாளும் வணிக நாளும் ஒன்றுதானே என்று கம்பெனி சொல்லலாம். அந்த வாதம் எளிதில் எடுபடாது. ஒரே ஆவணத்தில் இரண்டு சொல் இருந்தால், எழுதியவர்கள் இரண்டு பொருளைத்தான் நினைத்தார்கள் என்று வாசிப்பதே சட்டத்தரணிகளின் முதல் வழக்கம்.

இதைக் கண்டவுடன் பலர் செய்யும் அடுத்த தவறு, எல்லா “வேலை நாளையும்” ஒரே சொடுக்கில் “வணிக நாள்” ஆக்கிவிடுவது. ஒவ்வொரு பிரிவையும் வாசித்துத்தான் மாற்ற வேண்டும். லொறியில் வந்த சாமானை 2 நாளில் இறக்க வேண்டும் என்ற பிரிவுக்கு, களஞ்சியம் சனிக்கிழமை திறந்திருந்தால் அந்தச் சனியும் சேர வேண்டியதுதான். தாமத வட்டி நாள்தோறும் ஏறும். அதற்கு நாட்காட்டி நாள்தான் சரி. உண்மையிலேயே இரண்டு கணக்கு தேவையென்றால் இரண்டுக்கும் வரைவிலக்கணம் எழுதுங்கள். அரசாங்கம் இடையில் அறிவிக்கும் விசேட விடுமுறை சேருமா என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் கிழக்கில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

தேடும்போது ஒரு கவனம். தமிழ் வரைவில் “நாள்” என்று மட்டும் தேடினால் “நாட்களுக்குள்” அகப்படாது. “நாட்”, “நாளு”, “நாளி”, “நாளை” என்றும் தனித்தனியாகத் தேட வேண்டும். பின்னிணைப்பையும் விடக்கூடாது. கட்டண அட்டவணையின் அடிக்குறிப்பில்தான் பழைய சொல் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

மாதக் கணக்கில் சிக்கல் வேறு மாதிரி. “ஒரு நாட்காட்டி மாத அறிவித்தல்” செப்ரெம்பர் 10 அன்று கொடுக்கப்பட்டால், திகதிக்குத் திகதி எண்ணுபவருக்கு ஒக்டோபர் 10 முடிவு. முதலாம் திகதியிலிருந்து கடைசித் திகதி வரையான முழு மாதம் என்று வாசிப்பவருக்கு ஒக்டோபர் 31. மூன்று கிழமை வாடகை யார் தலையில்? இன்னொரு பிரிவில் “30 நாட்கள்” என்றும் இருந்துவிட்டால் மூன்றாவது கணக்கும் சேரும்: ஜனவரி 31இலிருந்து ஒரு மாதம் பெப்ரவரி 28 (லீப் வருடமென்றால் 29), ஆனால் 30 நாள் எண்ணினால் மார்ச் பிறந்துவிடும்.

மாதக் கடைசி பற்றிய வழக்கொன்று இங்கிலாந்தில், அன்று இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போயிருக்கிறது. வாடகைக்கு இருந்த ஒருவருக்கு 1978 செப்ரெம்பர் 30 அன்று அறிவித்தல் கிடைத்தது. நான்கு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாதத்தின் கடைசி நாளில் தொடங்கியதால் ஜனவரியின் கடைசி நாள் வரை தவணை உண்டு என்று எண்ணி 31ஆம் திகதி விண்ணப்பித்தார். தவணை 30ஆம் திகதியே முடிந்தது என்று 1981இல் தீர்ப்பானது.

எனவே “மாதம்” வரும் இடமெல்லாம் எந்தக் கணக்கு என்பதை எழுதுங்கள். திகதிக் கணக்கு வேண்டுமென்றால்: “மாதம் என்பது ஒரு திகதியிலிருந்து அடுத்த மாதத்தின் அதே திகதி வரை, அந்தத் திகதி இல்லாத மாதத்தில் அதன் கடைசி நாள் வரை.” வாடகை முதலாம் திகதி முதலாம் திகதிக்குக் கணக்கிடப்படும் குத்தகைக்கு முழு மாதக் கணக்கே பொருந்தும். அங்கே, “எந்த நாளில் கொடுத்தாலும் அறிவித்தல் அடுத்த மாதத்தின் கடைசி நாளில் முடியும்” என்று எழுதினால் போதும்.