அடுத்தவர் விசிறியில் உங்கள் மோட்டாரின் பெயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் பாலஸ்டியர் சாலையில் விளக்கும் சீலிங் ஃபேனும் விற்கும் கடைகளில், புது வீவக வீட்டுக்குச் சாமான் வாங்க வருபவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே "டிசி மோட்டாரா அண்ணே?" என்று கேட்பது இப்போது சாதாரணம். வாங்குபவர் விசிறிக்கு உள்ளே இருப்பதைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டால், மோட்டார் செய்பவருக்கு ஓர் ஆசை வருவது இயல்புதான். 'விசிறி யாருடையதாகவும் இருக்கட்டும், மோட்டார் என்னுடையது என்பது பெட்டியின் மேல் தெரியட்டுமே' என்ற ஆசை அது. இதைத்தான் இன்கிரீடியன்ட் பிராண்டிங் என்கிறார்கள். கணினிகளில் இன்டெல், மழைக்கோட்டுகளில் கோர்டெக்ஸ், மீள்துணிகளில் லைக்ரா என்று பெரிய வெற்றிகள் உண்டு. ஆனால் அந்த வெற்றிகளின் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து இறங்குபவர்கள் அதிகம்.

முதல் தவறு, நம் கையில் இல்லாத ஒன்றுக்கு வாக்குக் கொடுப்பது. ஒரு மோட்டார் நிறுவனம் "சத்தமில்லாத மோட்டார், 10 வருட வாரண்டி" என்று அட்டையில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் உண்மையிலேயே நல்ல மோட்டார். ஆனால் விசிறியின் இறக்கைகளைச் செய்வது வேறொரு தொழிற்சாலை, கூரையில் மாட்டுவது வேறொருவர். இறக்கைகளின் எடை ஒன்றுக்கொன்று சரியாக இல்லாவிட்டால் விசிறி ஆடும். கூரையோடு பிடிக்கும் இடத்தில் ஒரு திருகு தளர்ந்திருந்தால் இரவில் டக் டக் என்று கேட்கும். படுக்கையில் கிடப்பவருக்கு அது இறக்கையின் குற்றமா மாட்டியவரின் குற்றமா என்பது தெரியாது. பெட்டியில் படித்தது மோட்டாரின் பெயரைத்தான், அதனால் திட்டும் அந்தப் பெயருக்குத்தான்.

வாரண்டியில் இது இன்னும் மோசமாகிறது. டிசி விசிறியில் மோட்டார் தனியாகச் சுற்றாது. வீட்டு மின்சாரத்தை மாற்றி, கம்பிச்சுருள்களுக்கு முறை வைத்து அனுப்ப ஒரு கன்ட்ரோலர் போர்டு வேண்டும். நம் ஊர் வெக்கையில், காற்றோட்டமில்லாத மூடிக்குள் பல மணி நேரம் ஓடும்போது முதலில் தளர்வது பெரும்பாலும் அந்தப் போர்டுதான். அதில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் காய்ந்துபோகும். கம்பிச்சுருள் லேசில் கெடாது. ரிமோட்டை அழுத்தினால் 'பீப்' என்கிறது, விசிறி மட்டும் அசையவில்லை என்றால் பழுது பார்ப்பவர் மோட்டாரிலிருந்து வரும் மூன்று கம்பிகளை மீட்டரில் இரண்டிரண்டாக அளந்து பார்ப்பார். மூன்று அளவும் ஒன்றாக இருந்தால் கம்பிச்சுருளில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, சந்தேகம் போர்டின் பக்கம் போகும். வாடிக்கையாளர் வாரண்டி அட்டையைப் புரட்டினால் மோட்டாருக்கு 10 வருடம், மற்ற பாகங்களுக்கு ஒரே வருடம் என்று இருக்கும். அவருக்குச் சட்டம் பேசி அனுப்பிவிடலாம். ஆனால் மோட்டாரின் பெயர் அன்றைக்கே போய்விடும்.

சரி, என்ன செய்வது? வாங்குபவர் 'மோட்டார்' என்று மனத்தில் வைத்திருப்பது எதுவோ, அதுவே உங்கள் பொருளின் எல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். போர்டையும் நீங்களே கொடுங்கள், அல்லது நீங்கள் சோதித்து ஒப்புக்கொண்ட போர்டு மட்டும்தான் என்று எழுதி வாங்குங்கள். எந்த மோட்டாருக்கு எத்தனை அங்குல இறக்கை, அதிகபட்சம் எவ்வளவு எடை என்பதையும் ஒப்பந்தத்தில் போடுங்கள். கோர்டெக்ஸ் துணியைச் செய்யும் கோர் நிறுவனம் இதைத்தான் செய்தது. நீர் புகாத துணியைக் கொண்டு கோட்டு தைத்தாலும், ஊசி போன ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கும். அதனால் தையலின் மேல் நாடா ஒட்டி அடைக்க வேண்டும் என்று வைத்தார்கள், தைக்கும் தொழிற்சாலைகளுக்கு அனுமதி முறை வைத்தார்கள், தைத்து முடித்த கோட்டையே செயற்கை மழையில் நிறுத்திப் பார்த்தார்கள். இவ்வளவும் இருந்ததால்தான் 1989-இல் 'நனைய விடமாட்டோம்' என்ற உத்தரவாதத்தை அவர்களால் தர முடிந்தது. அந்த உத்தரவாதம் துணிக்கு மட்டுமல்ல, வேறொருவர் தைத்த முழுக் கோட்டுக்கும்.

அடுத்த தவறு, கேட்டவர்களுக்கெல்லாம் பெயரைக் கொடுப்பது. விற்பனைப் பிரிவுக்கு எண்ணிக்கைதான் கணக்கு என்பதால் இது எளிதில் நடக்கும். டெஃப்லானுக்கு 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஒட்டாத பாத்திரத்துக்குத் திடீர் மவுசு வந்ததும், மட்டமான அலுமினியச் சட்டியில் மெல்லியதாகப் பூசி விற்றவர்கள் பெருகினார்கள். பூச்சு உரிந்தது, மக்கள் வெறுத்தார்கள், விற்பனை விழுந்தது. பூச்சுப்பொருளில் குறையில்லை, பூசிய விதத்தில்தான் குறை. அப்புறம்தான் டெஃப்லானைச் செய்த டியூபாண்ட் நிறுவனம் பூச்சுக்கும் பாத்திரத்துக்கும் தர அளவு வகுத்து, அதில் தேறியவற்றுக்கு மட்டும் முத்திரை என்று இறங்கியது. நீங்கள் சோதிக்கும்போது தொழிற்சாலை அனுப்பும் மாதிரியை நம்பாதீர்கள். அது பார்த்துப் பார்த்துச் செய்ததாக இருக்கும். கடையில் காசு கொடுத்து வாங்கிய பெட்டியைப் பிரித்துப் பாருங்கள்.

மூன்றாவதாக, பணத்தில் நடக்கும் தவறு. விசிறி நிறுவனத்துக்கு உங்கள் பெயரைத் தூக்கிப் பிடிக்க ஒரு காரணமும் இல்லை, சொல்லப்போனால் பயம் உண்டு. இன்று உங்கள் பெயரைப் பெட்டியில் போட்டால், நாளைக்கு வாங்குபவர் எந்த விசிறியானாலும் அந்த மோட்டார் இருந்தால் போதும் என்பார். 1991-இல் தொடங்கிய 'இன்டெல் இன்சைட்' இந்தப் பயத்தைப் பணத்தால் கடந்தது. கணினி நிறுவனம் சிப் வாங்கிய தொகையில் ஒரு பங்கு அதன் பெயரில் சேரும். இன்டெல் சின்னத்தோடு விளம்பரம் செய்தால் அந்தச் செலவில் ஒரு பகுதியை அதிலிருந்து திரும்பப் பெறலாம்.

சிறிய நிறுவனம் இதை எப்படிக் கணக்குப் போடலாம்? உங்கள் மோட்டார் 45 வெள்ளி, போட்டியாளருடையது 37 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்த 8 வெள்ளியில் 2 வெள்ளியை ஒதுக்கினால், ஆண்டுக்கு 20,000 மோட்டாருக்கு 40,000 வெள்ளி சேரும். இதைத் தீவு முழுக்க விளம்பரத்தில் இறைத்தால் கரைந்துவிடும். விசிறி வாங்குபவர் முடிவெடுப்பது கடையில்தான் என்பதால், ஓடும் விசிறியைக் காட்டும் இடத்துக்கும், விற்பனையாளருக்கு மூன்றே வரியில் வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுப்பதற்கும் செலவிடுவது மேல். அந்த மூன்று வரியும் கடையிலேயே காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். குறைந்த வேகத்தில் விசிறியின் கீழே நிற்கவைத்து 'உம்' என்ற முனகல் இல்லை என்று கேட்கவைக்கலாம். உள்ளே இருக்கும் காந்தத்தின் தரத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் ஏறாது. வாங்குபவர் உணர முடியாத வித்தியாசம் என்றால் இந்த வழியே வேண்டாம், மோட்டாரை விலைக்கும் தரத்துக்கும் விற்றுப் பிழைப்பதே நல்லது.

கடைசியாக, வர்த்தகச் சின்னம். சிங்கப்பூரில் பதிந்தால் 10 ஆண்டு, பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் இங்கே பதிந்தது இங்கே மட்டும்தான் செல்லும். விசிறி தயாராகும் நாட்டில் உங்கள் பெயரை வேறொருவர் முந்திப் பதிந்துவிட்டால், உங்கள் சொந்தச் சின்னம் ஒட்டிய சரக்கே அங்கே சிக்கலில் மாட்டும். அதோடு, உங்கள் பெயரைப் போட விசிறி நிறுவனத்துக்குக் கொடுத்த உரிமத்தை ரத்து செய்தால் என்ன ஆகும் என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். கையிருப்பை விற்றுத் தீர்க்க எத்தனை நாள், அச்சடித்த பெட்டிகளை என்ன செய்வது, மிச்ச ஸ்டிக்கர்களை எண்ணித் திருப்பித் தருவது யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் வர வேண்டும். ஸ்டிக்கர்களை மோட்டாருக்கு ஒன்று என்று எண்ணித்தான் கொடுக்க வேண்டும். கட்டுக்கட்டாகக் கொடுத்தால், உங்கள் மோட்டார் இல்லாத விசிறியிலும் அவை ஏறிவிடும்.