லண்டனுக்கு முறுக்கு: கூரியர் பில்லில் ஏறிய எடை

நான்கு கிலோ முறுக்குக்கு ஏழரை கிலோ என்று பில் வந்ததும் ஏமாற்று என்றுதான் நினைத்தேன். கூரியர்காரர் கணக்கை விளக்கினார். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அதுவும் தராசு எடையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு. என் பெட்டி 40×30×30, கணக்குப்படி 7.2 கிலோ. அதை அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றினால் ஏழரை. முறுக்குக்கு நடுவே இருந்த காற்றுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்!

இப்போது முறுக்கு மட்டும் கொண்ட ஆர்டர் எடுப்பதில்லை. இரண்டு கிலோ முறுக்கு, ஒரு கிலோ எள்ளுருண்டை, ஒரு கிலோ பருப்புப்பொடி என்று கலந்து 35×25×20 பெட்டியில் அடைக்கிறேன். கணக்கு எடை மூன்றரைதான், அட்டையோடு தராசு எடை நாலரை. விலையும் கிலோவுக்கு இல்லை, பெட்டிக்கு.

முறுக்கை வேக்யூம் செய்தால் நொறுங்கிவிடும். தடித்த கவரில் கொஞ்சம் காற்றோடு சீல் வைத்து, ஓரங்களில் பொடிப் பாக்கெட்டுகளைச் செருகுகிறேன்.

அடுத்தது கஸ்டம்ஸ். வெறுமனே ‘ஸ்நாக்ஸ்’ என்று எழுதினால் பெட்டியைப் பிரித்துப் பார்க்க நிறுத்திவைக்கலாம். ‘எண்ணெயில் பொரித்த அரிசி மாவுப் பலகாரம்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, எடை, விலை, சேர்மானம் எல்லாம் குறிப்பிடுகிறேன். காசு வாங்கி அனுப்புவதை ‘அன்பளிப்பு’ என்று போடுவது பொய்க் கணக்கு. பால்கோவா கேட்டால் மறுத்துவிடுவேன். பிரிட்டனில் பால் பொருளுக்குக் கட்டுப்பாடு அதிகம்.

தாமதம் என் கையில் இல்லை. அதனால் பொரித்து ஆறிய மறுநாளே அனுப்புகிறேன். தீபாவளி ஆர்டரை மூன்று வாரம் முன்பே மூடிவிடுகிறேன்.