அரபுத் தீர்ப்பில் ‘ஹதானா’ என்று இருந்தால்

வளைகுடாவில் விவாகரத்து முடித்துவிட்டு, பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டு பிரிட்டனுக்கு வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூடலூரில் அரபு, ஆங்கில மொழிபெயர்ப்பு செய்கிறேன். உங்கள் கோப்பு எங்கே சிக்கும் என்று எனக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் ஒரு அம்மா பிளாஸ்டிக் உறையில் தீர்ப்பைக் கொண்டுவந்தார். மகள் நர்ஸ், பேரனுக்கு விசா போட வேண்டும். ஏற்கெனவே ஒருவர் செய்திருந்த மொழிபெயர்ப்பில், பையனின் ‘ஃபுல் கஸ்டடி’ தாய்க்கு என்று இருந்தது. அரபு மூலத்திலோ ‘ஹதானா’ என்றுதான் இருக்கிறது. ஹதானா என்றால் பிள்ளையை உடன் வைத்து அன்றாடம் வளர்க்கும் பொறுப்பு. படிப்பு, சொத்து, பயணம் போன்றவற்றில் முடிவெடுக்கும் உரிமை ‘விலாயா’, அது தனி. அந்தத் தீர்ப்பின் நான்காம் பக்கத்திலேயே விலாயா தந்தையிடம் இருக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கு அவர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும் என்று இருந்தது. ஒரே மொழிபெயர்ப்பில் முதல் பக்கமும் நான்காம் பக்கமும் முட்டிக்கொண்டால் அதிகாரி எதை நம்புவார்?

“தம்பி, ஃபுல் கஸ்டடின்னே இருக்கட்டுமே, விசா சுலபமா கிடைக்குமே” என்றார் அந்த அம்மா. அவர் தவிப்பு புரிந்தது, ஆனாலும் மாற்றினேன். ஹதானா, விலாயா இரண்டையும் ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்து, பக்கத்தில் ஒரு வரி விளக்கம், அது மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தெரியும்படி. தந்தையிடம் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வாங்கிச் சேர்க்கச் சொன்னேன். வளர்ப்பு முழுக்கத் தாயின் பொறுப்பில்தான் என்று காட்ட வேண்டியிருந்தால், அதைப் பள்ளிக் கட்டண ரசீதும் பணம் அனுப்பிய விவரமும் காட்டட்டும். மொழிபெயர்ப்பின் வேலை அது இல்லை.

இன்னொன்று இதைவிட மோசமாக முடியும். தீர்ப்பின் முன்பகுதியில் இரு தரப்பும் சொன்னவை வரும். “மனைவி காரணமின்றி வீட்டை விட்டுப் போனதாகப் பிரதிவாதி கூறுகிறார்” என்பதில் கடைசி இரண்டு சொல்லை விட்டால், கணவரின் குற்றச்சாட்டு நீதிமன்றத்தின் முடிவாகிவிடும். கூசி அந்த வரியையே தூக்கிவிடுபவர்களும் உண்டு. அப்புறம் அது முழு மொழிபெயர்ப்பே இல்லை. யார் சொன்னது என்பதோடு, கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். நீதிமன்றம் தீர்மானித்தது ‘ஹகமத்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் பகுதிதான்.

பெயரையும் பாருங்கள். அரபியில் நம் ‘பிரியா’வின் முதல் ஒலிக்கு எழுத்து இல்லை, ‘பாலா’வின் முதல் ஒலிக்கான எழுத்துதான் வரும். பாஸ்போர்ட் எழுத்துப்படி எழுதி, மூலத்தில் உள்ளதைக் குறிப்பில் சொல்லலாம். பின்பக்க முத்திரை, கையெழுத்துக் குறிப்பு எல்லாமே மொழிபெயர்ப்பில் வர வேண்டும்.

பிரிட்டன் விசாவுக்கு, இது மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஐந்தும் தேவை. பணம் கொடுக்கும் முன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.